தவறவிட்டது யார்?

ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முன்பெல்லாம் நாலு பெரிய மனிதர்களாவது திண்ணையில் கூடவேண்டியிருந்தது. இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

சென்ற மாதம் கும்பகோணத்தில் என் நண்பர் வீட்டுக் கூடத்தில் அப்படியொரு விசாரணை நடந்தது. பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மருமகள் கைக்குழந்தையோடு இங்கே இருக்கிறாள். "இனிமே அவளோட ஒத்துவராதும்மா" என்று எழுதி, அதற்குச் சாட்சியமாகத் தன் வாட்ஸ்அப் திரையைப் படமெடுத்துத் தாய்க்கு அனுப்பியிருந்தான். படத்தில் இருந்தவை இவ்வளவுதான்: இரவு 11:40, 11:42, 11:47 மணிக்கு மூன்று மிஸ்டு கால்கள், அவற்றின் கீழே 7, 9, 6 விநாடிகளில் முடிந்துபோன மூன்று அழைப்புகள், அவளுடைய குரல் பதிவு ஒன்று, 2 நிமிஷம் 48 விநாடி, அவனுடைய பதில், 4 விநாடி.

"பாத்தீங்களாண்ணே! எம் புள்ள மூணு தடவை கூப்பிட்டிருக்கான், எடுக்கலை. அப்புறம் எடுத்தும் ஏழு விநாடியில வெச்சிட்டா. நடுராத்திரியில அப்படி என்ன வேலை?" என்றாள் அந்த அம்மாள்.

இந்த அவசரத் தீர்ப்பின் மீதுதான் எனக்கு ஆத்திரம். அந்தப் படம் சொன்னது நேர் எதிரான சேதி!

தவறிய அழைப்பை வாட்ஸ்அப் இருவர் திரையிலும் ஒரே விதமாக எழுதுவதில்லை. கூப்பிட்டவர் திரையில் அது வலப்பக்கம் விழும். No answer என்றிருக்கும். கூப்பிடப்பட்டவர் திரையில் இடப்பக்கம் விழும்; Missed voice call என்றிருக்கும். பிள்ளையின் படத்தில் மூன்றும் இடப்பக்கம், மூன்றும் Missed voice call. ஆக, கூப்பிட்டவள் அவள், எடுக்காதவன் அவன். குற்றம் சாட்டியவனின் கைபேசியே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

நடுராத்திரி என்ற பழியும் அப்படியே. திரையில் காணும் நேரம் அந்தக் கைபேசி இருக்கும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே 11:40 என்றால் கும்பகோணத்தில் 9:10; குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு ஒரு பெண் உட்காரும் வேளை.

அந்த ஏழு விநாடி? சுருக்கமான அழைப்புக்குக் கோபமும் காரணமாகலாம், அறுந்துபோன இணைப்பும் காரணமாகலாம். அடுத்தடுத்து மூன்று முறை முயன்று, உடனே நீண்ட குரல் பதிவும் அனுப்பியிருந்தால், பேச முடியாமல் தவித்தவர் என்றே நான் கொள்வேன். அடுக்களை வாசலில் நின்றிருந்தவள் மெல்லச் சொன்னாள்: "கேக்குதா, கேக்குதான்னு கத்தினதுதான் மாமா மிச்சம். குழந்தைக்கு ஜுரம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

சரி, அப்படியானால் பிள்ளைதான் அயோக்கியனா? அதையும் நான் ஒப்பமாட்டேன். நான்கு விநாடியை அளந்து அன்பை அளக்க முடியாது. 2003 வரையில் நம் நாட்டில் செல்போனுக்கு வரும் அழைப்புக்கும் காசு கொடுத்தோம். அந்த நாட்களிலும் அதற்குப் பின்னும், ஒருமுறை மணியடித்துத் துண்டித்தாலே 'பத்திரமாக வந்து சேர்ந்தேன்' என்று எத்தனை வீடுகளில் அர்த்தம்! பேசாத அழைப்பே அங்கே பாசமாக இருந்தது.

பார்க்கவேண்டியது ஒன்றுதான். தவறிய அழைப்புக்குப் பிறகு, தவறவிட்டவர் திரும்பக் கூப்பிட்டாரா? அதை ஒரு படத்தில் பார்க்கமுடியாது. படமெடுப்பவர் தமக்கு வேண்டிய இரவைத்தான் எடுப்பார். தம் திரையில் வேண்டாததை அழித்துவிட்டும் எடுக்கலாம். மருமகளின் கைபேசியை, அவள் சம்மதத்தோடு, மூன்று வாரம் பின்னோக்கிப் பார்த்தோம். வலப்பக்கம் அவளுடைய No answer வரிசை வரிசையாக நின்றது. அவன் திரும்பக் கூப்பிட்டது ஒருமுறைகூட இல்லை. சாதாரண அழைப்புகள் வாட்ஸ்அப்பில் பதிவாவதில்லையே என்று அந்தப் பட்டியலையும் பார்த்தோம், அதிலும் இல்லை.

விலகுகிறான் என்பது தெரிந்தது. ஏன் என்பதை எந்தத் திரையும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. நண்பர் அன்றிரவே கேட்டார். ஓவர்டைம் நின்று இரண்டு மாதமாம். ஏஜெண்டுக்குக் கடன் அப்படியே இருக்கிறதாம். "குரல் காட்டிக் குடுத்துடும்ப்பா. அதான் நாலு வார்த்தையில முடிச்சிட்டேன்" என்று அழுதானாம். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் மனைவி மீது பழி!

கடன் மன்னிக்கத் தக்கது. ஆனால் அந்தப் படத்தைத் தாய்க்கு அனுப்பினானே, அதற்கு அவன் அவளிடம் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதுவும் நான்கு விநாடியில் அல்ல.