இனிஷியல் இல்லாத தேசம்

நியூஜெர்சியில் பிரசவமான மறுநாளே பிறப்புச் சான்றிதழுக்கான படிவம் பெற்றோர் கைக்கு வந்துவிடும். குழந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்று அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்துக்கு யாழினி என்று எப்போதோ முடிவாகிவிட்டது. தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் தகராறு இரண்டாவது கட்டத்தில்தான்.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடிய கதை இது. தாத்தா முருகேசன் 1990களில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் ரா. முருகேசன். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியதில் அவருடைய அப்பா ராமசாமி குடும்பப் பெயராகிவிட்டார். அலுவலகத்தில் முருகேசனை 'மிஸ்டர் ராமசாமி' என்றே அழைத்தார்கள். ஒற்றைப் பெயரோடு போனவர்கள் பாடு இன்னும் மோசம். அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட, விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்.

அங்கே பிறந்த மகனுக்கு முருகேசன் ஊர் வழக்கப்படி தன் பெயரைக் கொடுத்தார். அப்பா ராமசாமி, மகன் செல்வம் முருகேசன். பள்ளியிலும் விமான நிலையத்திலும் 'இவர் உன் அப்பாதானா?' என்ற கேள்வியோடு வளர்ந்தவர் செல்வம். தன் மகளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம், அவள் யாழினி முருகேசனாக இருக்கட்டும் என்கிறார்.

தன் பெயர் நிலைக்கப் போவதில் தாத்தாவுக்கு மகிழ்ச்சி இல்லை. யாழினி செல்வம் என்பதே முறை என்கிறார். சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு. பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம் மெல்ல உதிர்ந்தது. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் இனிஷியல் மட்டும் முன்னால் நின்றது. "உதறிப் போட்ட வாலை நாமே மறுபடி ஒட்டிக்கொள்வதா?" என்பது அவர் கேள்வி. "முருகேசன் என்பதில் எந்தச் சாதி இருக்கிறது அப்பா?" என்பது மகனின் பதில். திருமணத்துக்குப் பிறகும் தன் தகப்பனார் பெயரையே வைத்திருக்கும் மருமகளுக்கோ, தன் பெயருக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லையே என்று வருத்தம்.

சட்டம் யார் பக்கமும் இல்லை. அப்பா, பிள்ளை இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழந்தைக்கு ஓ.சி.ஐ. அட்டை வாங்கவும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருந்தால் உறவு நிரூபணமாகிவிடும். ஆனால் பிற்பாடு மனம் மாறினால், பொதுவாக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருக்கும்.

கடைசியில் படிவத்தில் மகன் விருப்பமே ஏறுகிறது. சில வருடங்கள் கழித்து, வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பேத்தியைச் சேர்க்கத் தாத்தாதான் போகிறார். அங்குள்ள பதிவேட்டில் கட்டங்கள் இல்லை. தமிழில் அவர் எழுதுகிறார்: செ. யாழினி.