ஒரு படம், இரு முகங்கள்

2018இல் ஜெர்மனியின் ‘பெங்!’ என்னும் செயற்பாட்டாளர் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தம்மில் ஒருவரின் முகத்தை, அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவராக இருந்த ஃபெடெரிக்கா மொகெரினியின் முகத்தோடு கலந்து, அந்தப் படத்தைக் கொடுத்தே கடவுச்சீட்டு பெற்றுவிட்டதாக அது கூறியது. அத்தகைய கடவுச்சீட்டில் தாளும் முத்திரையும் சில்லும் உண்மையானவை. படம் மட்டுமே இருவருக்குப் பொதுவானது.

இந்தக் கலப்பில் மந்திரம் ஏதும் இல்லை. கண்முனை, மூக்குநுனி, உதட்டோரம் போன்ற புள்ளிகளை இரு முகங்களிலும் குறித்து, அவற்றை இணைத்துச் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு முக்கோணத்தையும் இரண்டுக்கும் நடுவான வடிவுக்கு இழுத்து, நிறங்களைப் பாதிக்குப் பாதி சேர்க்கிறார்கள். எல்லைவாயில் மென்பொருள் முழு ஒற்றுமையைக் கேட்பதில்லை. பத்தாண்டுகளில் எவர் முகமும் மாறும் என்பதால், குறித்த அளவு மதிப்பெண் கிடைத்தாலே அது கதவைத் திறக்கிறது. அந்த இடைவெளியில் இருவருமே நுழைந்துவிடலாம்.

தேர்ந்த பரிசோதகர் முகத்தின் நடுவைவிட விளிம்பையே முதலில் பார்க்கிறார். புள்ளிகள் சரியாகப் பொருந்தாத கூந்தலோரம், காது, கழுத்து, சட்டைக்காலர் ஆகிய இடங்களில் நிழல்போல் இரண்டாம் கோடு தென்படும். கருவிழியின் வட்டம் இரட்டித்திருக்கலாம். அதில் விளக்கொளியின் புள்ளிகள் இரண்டு இடங்களில் விழுந்திருக்கலாம். தோலின் துளைகள் மறைந்து மெழுகுபோல் வழவழப்பு கூடியிருக்கும். ஆனால், முகத்தின் வெளிப்பகுதியை ஒரே படத்திலிருந்து ஒட்டி, விழிகளைத் திருத்திவிட்டால் இத்தடயங்களில் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதை, படத்தை அச்சிட்டு வருடும்போது அந்த வருடியே அழித்துவிடும்.

பிரிட்டன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எச்சரிக்கப்படாத பார்வையாளர்கள் பாதிக்குப் பாதி கலந்த படங்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டை உண்மையென ஏற்றனர். கலப்பு இருக்கலாம் என்று சொன்னதும் அது 21ஆகக் குறைந்தது. இதைக் கண்டு பயிற்சியே போதும் என்று முடிவுகட்டுவது தவறு. மேலும் நேர்த்தியான கலப்புகளைக் கொண்டு பின்னர் நடந்த சோதனைகளில் பயிற்சி பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

ஆகவே, ஒற்றைப் படத்தை உற்றுப் பார்க்கச் சொல்லிப் பரிசோதகரின் கண்மீது பழியைப் போடுவது நியாயமன்று என்பது என் கருத்து. எதிரில் நிற்பவரை அங்கேயே படமெடுத்து, அதைக் கடவுச்சீட்டுப் படத்தின் அருகில் வைக்கவேண்டும். கடவுச்சீட்டுப் படத்திலிருந்து நேரில் நிற்பவரின் சாயலைக் கழித்தால் மிச்சமாக இன்னொருவர் தெரிகிறாரா என்பதே அப்போதைய கேள்வி. ஒற்றைப் படத்தில் மறைந்த தடயம் இவ்வொப்பீட்டில் வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

அதனினும் நல்லது, கலந்த படம் உள்ளே வரும் வழியையே அடைப்பது. நம் கடவுச்சீட்டுச் சேவை மையங்களில் பெரியவர்களின் படத்தை அலுவலரே எடுப்பது இவ்வகையில் வலுவான ஏற்பாடு. ஜெர்மனியும் 2025 மே முதல், அலுவலகத்திலேயே எடுத்த படம் அல்லது சான்றுபெற்ற நிழற்படக் கலைஞர் பாதுகாப்பான இணைப்பில் அனுப்பும் படம் என்ற விதிக்கு மாறியது. ஆயினும் அதற்கு முன் வழங்கிய பத்தாண்டுச் சீட்டுகள் 2035 வரை செல்லும். அதுவரை எல்லைவாயிலில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைக் கைவிட இயலாது.