இலவச எண்ணுக்கு எதுக்குங்க காசு?

கவிதை எழுதும் தம்பி ஒருவர் ஒரு விலைப்பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அவரது முதல் தொகுப்பை அச்சிட்டுத் தருவதாகச் சொன்ன நிறுவனம் கொடுத்தது. அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு, நூறு பிரதி அச்சு என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரு வரி: "ஐஎஸ்பிஎன் கட்டணம் – ரூ. 2,500". கூடவே தம்பியின் கேள்வி: "அண்ணா, இது நியாயமான ரேட்டா?"

நியாயமான ரேட் பூஜ்யம், தம்பி.

அமெரிக்காவில் இந்த எண்ணை விற்கிறார்கள். அங்கே பவுக்கர் நிறுவனத்திடம் ஒற்றை எண் வாங்க 125 டாலர் ஆகும். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் தருவது கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. பதிப்பகம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. isbn.gov.in தளத்தில் எழுத்தாளர் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, அடையாளச் சான்றை ஏற்றி, நூலின் விவரங்களைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். ஒப்புதலுக்குக் கொஞ்ச நாள் காத்திருக்கணும், அவ்வளவுதான். அதனால் அட்டை அச்சுக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

"படிவம் நிரப்பிக் கொடுக்கிற கூலிதானே சார், கொடுத்தா என்ன?" என்று கேட்கலாம். கூலி என்றால் கூலி என்று எழுதட்டும். ஆனால் என் சண்டை அந்த இரண்டாயிரத்து ஐந்நூறுக்காக மட்டுமில்லை. அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பதின்மூன்று இலக்கங்களும் குருட்டாம்போக்கில் போட்டவை அல்ல. முதலில் 978. அடுத்து வரும் 81 அல்லது 93 இந்தியாவைக் குறிக்கும். அதற்கடுத்த பகுதி பதிப்பாளருக்கு உரியது. பிறகு நூலுக்கான எண். கடைசி இலக்கம், மற்றவற்றில் தட்டச்சுப் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் காவல்காரன். ஆக, அந்த நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக் கொடுத்தால், உலகத்தின் பதிவேட்டில் தம்பியின் புத்தகத்துக்குப் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். காசு கொடுத்தது தம்பியாக இருந்தாலும் சரி.

இரண்டு வருஷம் கழித்து நூறு பிரதியும் தீர்ந்து, தம்பி தானே மறுபடி அச்சிட்டு விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். பழைய எண்ணைப் போட முடியாது. அது அவருடையது இல்லை. புது எண் வாங்கணும். பழைய எண்ணைத் தேடி வரும் கடைக்காரரும் நூலகரும் பழைய நிறுவனத்தின் கதவைத்தான் தட்டுவார்கள். ஆன்லைன் கடையில் ஒரே புத்தகம் இரண்டு பக்கங்களாக நிற்கும். ஒன்றில் 'இருப்பு இல்லை', இன்னொன்றில் ஒரு விமர்சனம்கூட இருக்காது. தன் பெயரிலேயே எண் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. எதையும் மாற்றாத மறு அச்சுக்கு அதே எண் போதும். திருத்திய பதிப்புக்கும், கெட்டி அட்டைக்கும்தான் தனித்தனி எண் தேவை.

உங்கள் எண் யாருடையது என்று சந்தேகமா? சர்வதேச ஐஎஸ்பிஎன் முகமையின் பதிப்பாளர் பதிவேட்டில் அந்த முன்னொட்டைத் தேடிப் பாருங்கள். யார் பெயர் வருகிறதோ அவர்தான் பதிப்பாளர்.

இன்னொரு பொய்யும் சேர்த்தே விற்கப்படுகிறது: ஐஎஸ்பிஎன் இருந்தால் காப்புரிமை வந்துவிடுமாம். வராது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவுடனே காப்புரிமை உங்களுடையது. அதைப் பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. தரத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. மோசமான கவிதைக்கும் அதே பதின்மூன்று இலக்கம்தான்.

அப்ப எப்பதான் தேவை? உங்களை நேரில் தெரியாத ஒருவர் உங்கள் புத்தகத்தைத் தேடி, ஆர்டர் போட்டு, பட்டியலில் ஏற்ற வேண்டிய நேரத்தில். கடை, விநியோகஸ்தர், நூலகம், அச்சு நூலுக்கான ஆன்லைன் விற்பனை, இதெல்லாம் அந்த வகை. கூட்டத்தில் கையில் கொடுக்கும் ஐம்பது பிரதிக்கும், கல்யாணத்தில் தாம்பூலத்தோடு தரும் சிறு நூலுக்கும் வேண்டாம். கிண்டிலில் மட்டும் வரும் மின்னூலுக்கும் வேண்டாம். அமேசான் தன் அடையாள எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். தொகுப்பைக் கடைகளில் வைக்கணும் என்பது அவர் ஆசை, அதனால் எண் தேவைதான். அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டுத் தானே விண்ணப்பித்திருக்கிறார். நிறுவனத்திலிருந்து பதில் வந்ததாம்: "சார், எங்க எண் இல்லாம எங்க பேனர்ல போட முடியாது."

பேனர் அவங்களோடது. புத்தகம் உங்களோடது, தம்பி. அச்சகங்கள் வேறயும் இருக்கு.