ஐஸ் வெள்ளையாக இருக்கட்டும்

கிள்ளானில் வீடு வீடாக மீன் அனுப்பும் என் அண்ணியிடம், சென்ற மாதம் ஒருவர் சிவப்பு மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மீன் கெடவில்லை. "படத்தில் ரத்தச் சிவப்பு, வந்ததோ ரோஜா நிறம். பழைய மீனா?" என்று கேட்டாராம்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதில் ஐஸே ஆரஞ்சு நிறத்தில் இருந்தது! மேலே மஞ்சள் விளக்கு, போதாததற்கு நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் வேறு.

மறுநாள் காலை தட்டை ஜன்னலோரம் வைத்து, விளக்கை அணைத்தோம். இரண்டு வெளிச்சமும் கலந்தால் மீனின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். வெள்ளைப் பரப்பு அதிகமிருந்தால் கைபேசி படத்தைத் தானாகவே இருட்டாக்கிவிடும், ஐஸ் சாம்பலாகிவிடும். மீன்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினோம். ஐஸ் உள்ளபடி வெள்ளையாகத் தெரிந்தால்தான் மீனின் நிறத்தை நம்பலாம்.

செதில் மின்ன வேண்டும் என்று ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். வெள்ளைத் திட்டுதான் விழும். ஜன்னல் வெளிச்சம் மீனுக்குப் பின்னாலிருந்து சாய்வாக விழுந்தால், ஈரச் செதில்கள் ஒவ்வொன்றாக மின்னும். உருகிய நீர் தேங்காதபடி துளையுள்ள தட்டு நல்லது. கண்மேல் மட்டும் ஐஸ் படக்கூடாது. பட்டுக்கொண்டே இருந்தால் புத்தம்புது மீனின் கண்ணும் வெளுத்து, பழைய மீன்போல் காட்டிவிடும்.

அண்ணி இப்போது ஃபில்டரைத் தன் சொந்தப் படங்களுக்கு மட்டும்தான் போடுகிறார்.