படம் மறைந்தாலும் கேள்வி நிற்க வேண்டும்
நாமக்கல் மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் சனிக்கிழமைதோறும் கூடும் மளிகைச் சந்தை உங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஆண்டுக்குத் தேவையான மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிப் போக அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கே வருகின்றன. வர முடியாதவர்கள் இப்போது கைப்பேசியில் கேட்டு, பார்சலில் வாங்குகிறார்கள். இந்த மடல் அவர்களைப் பற்றியது.

இந்த வணிகம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. சனிக்கிழமை காலையில் வியாபாரி தன் சாக்குகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார். ஈரோட்டிலோ திருப்பூரிலோ இருப்பவர் அதைப் பார்த்து, “இது என்ன விலைங்க?” என்று கேட்கிறார். சந்தை நெரிசலில் வியாபாரிக்குக் கைப்பேசியைப் பார்க்க நேரமில்லை. ஞாயிறு மாலை அவர் எடுத்துப் பார்க்கும்போது 24 மணி நேரம் கடந்திருக்கும். ஸ்டேட்டஸ் போய்விட்டது, கேள்வி மட்டும் இருக்கிறது. அவர் போட்டது மூன்று மிளகுச் சாக்குகள் என்றால், “இது” என்பது எது? ஏதோ ஒன்றை நினைத்து ஒரு விலை சொல்கிறார். வாங்குபவர் வேறொன்றை நினைத்துப் பணம் அனுப்புகிறார். பார்சல் வந்த பிறகு, “படத்தில் இருந்தது வேறு” என்கிறார் ஒருவர்; “அதேதான் அனுப்பினேன்” என்கிறார் மற்றவர். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம்.

இணைய விற்பனைத் தளங்களில் வாங்குபவருக்குச் சட்டத்தின் துணை ஓரளவு இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை சரக்கில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஆனால் ஸ்டேட்டஸில் போட்ட படம்தான் விளம்பரம் என்றால், அது ஒரே நாளில் கரைந்துவிடுகிறது. சாக்கிலிருந்து அளந்து கட்டும் சரக்கில் அச்சடித்த பொட்டலமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலும், எதைக் காட்டி முறையிடுவது?

ஆகவே படம் மறைந்தபின் வாங்குபவர் அனுப்பும் அந்த இரண்டாவது செய்திக்கு மதிப்பு அதிகம். அதை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. “படம் காணோம், மறுபடி அனுப்புங்க” என்று மட்டும் எழுதினால் போதாது. மூலப்படம் வியாபாரியின் கைப்பேசியில் இருக்கக்கூடும். அவர் அனுப்பவும் செய்வார். ஆனால் வருவது அன்றைய படம்தானா, இன்று வேறு சாக்கை எடுத்ததா என்று தெரியாது.

அதைவிட முக்கியம், மிளகில் கேட்க வேண்டியதைப் படம் முதலிலிருந்தே சொல்லவில்லை. நல்ல மிளகுக்கு அடையாளம் கனம். ஒரு லிட்டர் படியில் தட்டாமல் குவித்து, மேலே வழித்துவிட்டு நிறுத்துப் பார்த்தால், முற்றிய, நன்கு காய்ந்த மிளகு 550 கிராம் அளவுக்கு நிற்கும். பிஞ்சிலேயே பறித்ததும் பொக்கும் கலந்திருந்தால் எடை நன்றாகக் குறையும். இதைத்தான் வணிகத்தில் லிட்டர் எடை என்கிறார்கள். பொக்கு மிளகும் முற்றிய மிளகும் படத்தில் ஒரே கறுப்பு, ஒரே சுருக்கம். பளபளப்பையும் நம்ப முடியாது. கனிம எண்ணெய் கலந்திருந்ததாகச் சொல்லி 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முடக்கியது நினைவிருக்கும். ஈரப்பதமும் படத்தில் தெரியாது. சரியாகக் காயாத மிளகு வீட்டு டப்பாவில் பூசணம் பிடித்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

அதனால் இரண்டாவது செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கமுங்க அண்ணா. சனிக்கிழமை காலைல நீங்க ஸ்டேட்டஸ்ல போட்ட மிளகைப் பத்திக் கேட்டிருந்தேன். அந்தப் படம் இப்ப இல்லீங்க. மூணு சாக்குல நடுவுல இருந்தது, விலை அட்டை குத்தியிருந்தது. அது கொல்லிமலை மிளகுங்களா? இந்த வருசத்து அறுப்பா, போன வருசத்துதா? லிட்டர் எடை எவ்வளவு நிக்கும்? ரெண்டு கிலோவுக்கு பார்சல் செலவோட மொத்தம் எவ்வளவுன்னு எழுதி அனுப்புங்க. படம் இருந்தா அதையும் இங்கயே அனுப்புங்க, ஸ்டேட்டஸ்ல வேண்டாமுங்க.”

இதில் குற்றச்சாட்டு இல்லை. எந்தப் படம், எப்போது போட்டது, அதில் எந்தச் சாக்கு என்று சொல்லிவிடுவதால் வியாபாரிக்கு நினைவு வருகிறது. அடுத்து, படம் இல்லாமலே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். எழுத்தில் வரும் பதில்தான் பிறகு சரக்கின் வர்ணனை. “550 நிக்குங்க” என்று வியாபாரி எழுதிய மிளகு வீட்டுக்கு வந்து 480 கிராம் நின்றால், இனி நினைவை வைத்து வாதாட வேண்டியதில்லை. படியும் தராசும் போதும்.

சந்தேகம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். முற்றிய மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். ஆனால் பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால், மிதந்ததையெல்லாம் கலப்படம் என்று எழுதிவிடக் கூடாது. எடுத்துக் கடித்தால் காரத்தில் வித்தியாசம் தெரியும். எழுதிக் கொடுத்த லிட்டர் எடைக்கு ஈடில்லாத பொக்கு மிளகு என்றால் அது தரக் குறைவு, பப்பாளி விதை என்றால் அது கலப்படம். முன்னதை வியாபாரியிடமே பேசித் தீர்க்கலாம். பின்னது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டியது.

ஊரைக் கேட்பதும் வீண் கேள்வி அல்ல. மலையடிவாரச் சந்தை என்பதால் அங்கே விற்கும் எல்லாமே மலையில் விளைந்தது என்று தூரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மிளகு கொல்லிமலையில் விளைகிறது. சீரகமோ குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து வருவது. அது குறையல்ல. மலைச் சீரகம் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுப்பதுதான் குறை.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். சந்தையை நடத்தும் உள்ளாட்சி அமைப்போடு பேசி, ஒவ்வொரு சாக்கின் விலை அட்டையிலும் ஓர் எண்ணும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். “மி 2” என்றும் அன்றைய தேதியும் சுண்ணக்கட்டியால் கிறுக்கினாலே போதும். படம் போனாலும் எண் நிற்கும். “இது” என்று கேட்டவர் “மி 2” என்று கேட்பார், பதிலும் அந்த எண்ணுக்கே வரும். அடுத்து, மேலே எழுதியது போன்ற மாதிரிச் செய்தி ஒன்றைச் சந்தை வாசலில் பலகையாக வையுங்கள்; மாவட்டத்துப் பள்ளிகளில் இருக்கும் நுகர்வோர் மன்றங்களிலும் பிள்ளைகளை எழுதிப் பழகச் சொல்லுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்காகக் கைப்பேசியில் தட்டி அனுப்புவது அவர்கள்தான்.

இரண்டுக்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. தை பிறந்து புது மிளகு மலையிறங்கத் தொடங்கும்போது சந்தையில் கூட்டமும் கைப்பேசிக் கேள்விகளும் பெருகும். அதற்குள் அட்டைகளில் எண் ஏறிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு