ஸ்கோர் போர்டு பொய் சொல்லக் கூடாது

1/ ஸ்குவாஷ் ஆடுற நண்பர்களே, குறிப்பா 45 வயசு தாண்டியவங்களே, இந்த இழை உங்களுக்குத்தான். "பழைய 9 பாயின்ட் கணக்குதான் உண்மையான ஸ்குவாஷ், 11 எல்லாம் டிவிக்காகக் கொண்டு வந்தது"னு இன்னும் சொல்லிட்டிருக்கீங்க. ஒரு டாக்டரா நான் இதை ஏத்துக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

2/ தெரியாதவங்களுக்கு: பழைய முறை பேரு ஹேண்ட் இன் ஹேண்ட் அவுட். சர்வ் பண்றவர் ராலியை ஜெயிச்சாத்தான் பாயின்ட். எதிராளி ஜெயிச்சா அவருக்கு சர்வ் மட்டும் கைமாறும், ஸ்கோர் நகராது. புது முறை பாயின்ட் எ ராலி. யார் ஜெயிச்சாலும் பாயின்ட், 11 வரை. 10-10 ஆனா ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வேணும். ஆண்கள் தொழில்முறை ஆட்டம் 2004-லயே 11-க்கு மாறிடுச்சு. உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பு 2009-ல மாத்துச்சு.

3/ புது முறையில 7-5னு போர்டுல இருந்தா, லெட் போக சரியா 12 ராலி ஆடியிருக்கீங்க. கூட்டினாப் போதும். பழைய முறையில 7-5னா? 13 ராலியா இருக்கலாம், 40-ஆவும் இருக்கலாம். உடம்பு எவ்வளவு உழைச்சிருக்குன்னு அந்த போர்டு சொல்லாது. என் முதல் புகார் இதுதான்.

4/ சமபலமுள்ள ரெண்டு பேர் ஆடினா, பழைய முறையில ஒரு பாயின்ட் விழ சராசரியா 2 ராலி ஆகும். அது சராசரிதான். மோசமான நாள்ல சர்வ் இங்கயும் அங்கயும் போயிட்டே இருக்கும், ஸ்கோர் அப்படியே நிக்கும். 1983-ல இங்கிலாந்து சிசெஸ்டர்ல ஜஹாங்கீர் கானும் கமால் அவாதும் ஆடினதைப் பாருங்க. முதல் கேம் மட்டும் 71 நிமிஷம். போர்டுல வந்தது வெறும் 10-9!

5/ இப்போ கேம் முடியுற இடத்துக்கு வாங்க. பழைய முறையில 8-8 ஆனா, சர்வ் வாங்குறவர் முடிவு பண்ணணும்: 9-லயே முடிக்கலாமா, 10 வரை போகலாமா? கணக்கு போட்டுப் பாருங்க. சமபலம்னா அடுத்த பாயின்ட் சர்வ் பண்றவருக்குக் கிடைக்க 3-ல 2 வாய்ப்பு. அப்போ 9-னு சொன்னா வாங்குறவருக்கு 33 சதவீதம். 10-னு சொன்னா ஏறக்குறைய 41.

6/ அதாவது, மூச்சு வாங்கி நிக்கிற ஆளுக்கு விதியே சொல்லித் தருது: "இன்னும் நீட்டு, அதுதான் உனக்கு லாபம்." ஜெயிக்கணும்னு நினைக்கிற எவனும் 10-னுதான் சொல்வான். நானே சொல்லியிருக்கேன்.

7/ எங்க ஞாயிறு கூட்டத்துல ஒருத்தர், 52 வயசு. 8-8-ல நெஞ்சு இறுக்கமா இருந்திருக்கு. "செட் டூ"ன்னுட்டு ஆடினார். ஆறேழு தடவை சர்வ் கைமாறுச்சு, ஸ்கோர் நகரல. "ஒரு பாயின்ட்தானே, முடிச்சிட்டுப் போலாம்"னு இருந்தாராம். மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். பிழைச்சார். ஸ்கோர் முறைதான் அடைப்பை உண்டாக்குச்சுன்னு சொல்லல. "ஒரு பாயின்ட்தானே"ங்கிற அந்த ஏமாத்துதான் அவரை கோர்ட்ல நிக்க வெச்சது.

8/ 1986-ல ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழ்ல ஸ்குவாஷோட தொடர்புள்ள 60 திடீர் மரணங்களைப் பத்தி ஆய்வு வந்துச்சு. பெரும்பாலானவங்களுக்குக் காரணம் இதய ரத்தக்குழாய் நோய். இது விளையாட்டா பேசுற விஷயம் இல்லீங்க.

9/ எதிர்க்கேள்வி வரும்: "2015-ல லியோ ஆவ், ஷான் டெலியேர் 170 நிமிஷம் ஆடினது 11 பாயின்ட் முறையிலதானே?" ஆமா. ராலியோட நீளத்தை எந்த ஸ்கோர் முறையும் கட்டுப்படுத்தாது. ஆனா அவங்க கடைசி கேம் 16-14. முப்பது ராலினு போர்டே சொல்லுது. ஒவ்வொரு ராலியும் கேமை எங்கயோ நகர்த்துச்சு.

10/ இன்னொரு வாதம் நியாயமானது. பழைய முறையில சர்வ் கையில இருந்தா துணிஞ்சு அடிக்கலாம், தப்பினா பாயின்ட் போகாது. அந்த சுகம் போயிடுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த இலவசத்துக்கு விலை கொடுத்தது உங்க இதயத்துடிப்பு.

11/ 10-10-ல ரெண்டு வித்தியாசமும் நீளத்தான் செய்யும். அதுக்கும் வழி இருக்கு. 2023-ல சென்னையில நடந்த உலகக் கோப்பையில கேம் 7 பாயின்ட்தான்; 6-6 ஆனா அடுத்த ராலியோட முடிஞ்சது. அதிகபட்சம் 13 ராலி. நம்ம வயசுக்கு ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு இதையே எடுத்துக்கோங்க.

12/ நெஞ்சு இறுக்கம், தாடை வலி, இடது கை கனம், தலைசுத்தல்: எதுவா இருந்தாலும் எந்த ஸ்கோர்லயும் ராக்கெட்டைக் கீழ வைங்க, உடனே ஆஸ்பத்திரி போங்க. 8-8-ல இருந்தாலும்தான்.