முதல்ல மெயினை அணைங்க!

எங்க குடியிருப்புல தன்னார்வலர்களுக்கு முதலுதவி வகுப்பு. கடைசியில ஒரு கேள்வி: "கிரைண்டர் ஒயரைப் பிடிச்சபடி ஒருத்தர் விழுந்து கிடக்கிறார். வரிசைப்படுத்துக: மூச்சு பார்த்தல், 108, மெயினை அணைத்தல், நெஞ்சை அழுத்துதல்."

நான் மூச்சை முதல்ல போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். மெயினை அணைக்காம தொட்டிருந்தா நானும் பக்கத்துல கிடந்திருப்பேன். அணைச்சப்புறம் தட்டிக் கூப்பிடணும். அசைவும் மூச்சும் இல்லைன்னா 108-க்கு போன், ஸ்பீக்கர்ல போட்டுட்டு உடனே அழுத்தணும், நிமிஷத்துக்கு 100-120 தடவை.

ஆனா கேள்வியில ஒரு வரி குறையுதுங்கிறது என் கருத்து: "விட்டு விட்டு வாயால மூச்சு இழுக்கிறார்." நினைவில்லாதவர் அப்படி இழுத்தா அது மூச்சுக் கணக்குல வராது, இதயம் நின்னவங்களுக்கும் அப்படி வரும். வரிசையை மனப்பாடம் பண்ணினவர், மூச்சு இருக்குன்னு நம்பி அங்கதான் காத்துக்கிட்டு நிப்பார். நீங்க என்ன சொல்றீங்க?